ஒரு டன்னுக்கு எத்தனை கம்பி: செராங்கூன் கார்டன் லோடில் குறைந்த 266 கிலோ

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். சிங்கப்பூரில் செராங்கூன் கார்டன் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். அங்கே கம்பி லாரி வந்து இறக்கிக்கொண்டிருந்த நேரம், சைட்டில் இருந்த தஞ்சாவூர்த் தம்பியிடமிருந்து போன் வந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டிக்காரன், ஆனால் பதற்றக்காரன்.

"அண்ணே, 13 எம்எம்ல 83 கம்பி குறையுது. டிரைவர் அங்கிள் கையெழுத்துக் கேக்கறாரு. போடவா வேணாமா?"

"கம்பியை எண்ணினியா?"

"எண்ணிட்டேன் அண்ணே. 480 இருக்கு. 6 டன்னுக்கு 563 இருக்கணும்."

கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போகிற வழியிலேயே அந்த 563 எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. அன்று அவன் பயந்த மாதிரி எதுவும் குறையவில்லை. ஆனால் அவன் பார்க்காத இடத்தில் வேறொன்று குறைந்திருந்தது, அது மத்தியானம்தான் தெரிந்தது. இரண்டையும் ஒரே லோடில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

563 எப்படி வந்தது

தம்பியின் போனில் ஊரில் பயன்படுத்திய ஒரு அட்டவணை இருந்தது. அதில் 8, 10, 12, 16, 20 என்று வரிசை போகும். 13 என்ற வரியே கிடையாது. ஊரில் 12 மி.மீ. கம்பிதான் புழக்கம், 13-ஐ யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். இங்கே 10-க்கு அடுத்தது 13, அதற்கடுத்தது 16. ஆகவே தம்பி பக்கத்தில் இருந்த 12-ஐ எடுத்துக்கொண்டான். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்திருக்கிறான்.

எடை விட்டத்தோடு ஏறுவதில்லை, விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 12-இன் வர்க்கம் 144, 13-இன் வர்க்கம் 169. ஒரே மில்லிமீட்டரில் எடை 17 சதவீதம் கூடிவிடுகிறது. 12 மி.மீ. கம்பி டன்னுக்கு 94 வரும். 13 என்றால் 80-தான். ஆறு டன்னுக்கு 480. அவன் எண்ணியது மிகச் சரி, ஒப்பிட்ட எண்தான் தப்பு.

ஊரில் சைட் பார்த்தவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கும்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும். இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. வட்டத்தின் பரப்பை அதனால் பெருக்கினால் வருவதுதான் இந்த 162. இன்னும் துல்லியமாகச் சொன்னால் 162.2. இது எந்த நாட்டுக் கம்பிக்கும் பொருந்தும், அட்டவணை மாதிரி காலை வாராது.

கம்பி 12 மீட்டர் நீளத்தில் வந்தால் இதிலிருந்து இன்னொரு குறுக்குவழி கிடைக்கிறது. சைட்டில் எனக்கு அதிகம் உதவுவது இதுதான்:

```
ஒரு டன்னுக்குக் கம்பி = 13500 / (d × d)
```

d என்பது மில்லிமீட்டரில் விட்டம். 20 என்றால் 13,500-ஐ 400-ஆல் வகுக்கவேண்டும், 33.75. போனே வேண்டாம். நீளம் 12 மீட்டர் இல்லையென்றால் மட்டும் இது செல்லாது. அப்போது பழைய 162-க்கே போகவேண்டும்.

இங்கே கிடைக்கும் அளவுகளுக்கு முழுக் கணக்கு இப்படி வரும்:

| விட்டம் (மி.மீ.) | 12 மீட்டர் கம்பி ஒன்றின் எடை (கிலோ) | ஒரு டன்னுக்கு |
|---|---|---|
| 10 | 7.40 | 135.2 |
| 13 | 12.50 | 80.0 |
| 16 | 18.94 | 52.8 |
| 20 | 29.59 | 33.8 |
| 25 | 46.24 | 21.6 |
| 28 | 58.00 | 17.2 |
| 32 | 75.76 | 13.2 |
| 40 | 118.38 | 8.4 |

வரைபடத்தில் H13 என்று இருந்தாலும் பழைய வரைபடத்தில் T13 என்று இருந்தாலும் எடை ஒன்றுதான். அந்த எழுத்து இரும்பின் வலிமையைச் சொல்கிறது. H என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன், முன்பு இருந்த T என்றால் 460. தராசுக்கு இது தெரியாது.

எடைமேடைச் சீட்டு

டெலிவரி ஆர்டரில் இருந்தது இது: 13 மி.மீ., 12 மீட்டர், 480 கம்பி, 20 மி.மீ., 12 மீட்டர், 136 கம்பி. மொத்தம் 10,026 கிலோ. அட்டவணையோடு பார்த்தால் 13-க்கு 6,001 கிலோ, 20-க்கு 4,025 கிலோ. கூட்டினால் அப்படியே ஒத்துப்போகிறது. அவ்வளவு அச்சாக ஒத்துப்போகிறதே என்று அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும். நிஜமாக எடை போட்ட இரும்பு கணக்கோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போகாது. அந்த 10,026 தராசு சொன்ன எண் அல்ல. கம்பியின் எண்ணிக்கையை அட்டவணையால் பெருக்கி எழுதிய எண்.

எங்கள் பாஸுக்கு ஒரு பழக்கம். பெரிய லோடு வந்தால், வரும் வழியில் லாரியை எடைமேடையில் ஏற்றச் சொல்வார், இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி லாரியையும் ஏற்றச் சொல்வார். செலவு வீண் என்று நான் பல தடவை முணுமுணுத்திருக்கிறேன். மத்தியானம் சீட்டு வந்தது. நிகர எடை 9,760 கிலோ.

266 கிலோ குறைவு. 13 மி.மீ. கம்பியாக நினைத்தால் 21 கம்பி. 20 மி.மீ. என்றால் சரியாக 9 கம்பி. காலையில் தம்பியைப் பார்த்துச் சிரித்தவன் நான்தான். இப்போது பாஸ் என்னைப் பார்த்தார்.

இரும்பைச் சந்தேகப்படும் முன்னால் சீட்டைச் சந்தேகப்படவேண்டும். இரண்டு தடவை ஏற்றும்போதும் லாரி ஒரே நிலையில் இருந்ததா? டிரைவர் முதல் தடவை உள்ளே, இரண்டாவது தடவை வெளியே என்றால் அதிலேயே எழுபது எண்பது கிலோ பிசகிவிடும். நடுவில் டீசல் போட்டிருந்தால் காலி லாரி கனமாகிவிடும், இரும்பு குறைந்தது போலத் தெரியும். கம்பிக்கு அடியில் வைக்கும் மரக்கட்டைகளைச் சைட்டிலேயே விட்டுவிட்டால், கட்டையின் எடையும் இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கிளிடம் கேட்டோம். இரண்டு தடவையும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தாராம், டீசல் போடவில்லை, கட்டைகளை ஏற்றிக்கொண்டுதான் போனார். அந்த மேடை 20 கிலோ படியில்தான் காட்டும். ஆகவே பத்து இருபது கிலோவைக் குற்றம் சொல்ல முடியாது, 266-ஐ அப்படி விட்டுவிடவும் முடியாது.

மறுபடியும் எண்ணினோம்

கம்பிக் கட்டை எண்ணுவது பார்க்க எளிது. கட்டின் முகப்பில் நின்று விரலை வைத்து எண்ணினால் ஐம்பதுக்குள் தடுமாறிவிடும். நாங்கள் சாக்பீஸால் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் ஒரு புள்ளி வைத்து, பத்தாவது கம்பிக்கு மட்டும் ஸ்பிரே பெயின்ட் அடிப்போம். கடைசியில் பெயின்ட் புள்ளிகளை எண்ணினால் போதும். 13 மி.மீ. மூன்று கட்டு, ஒவ்வொன்றிலும் 160. 20 மி.மீ. இரண்டு கட்டு, ஒவ்வொன்றிலும் 68. கட்டின் சீட்டுப் பட்டையில் போட்டிருந்ததும் இதே எண்கள்.

எங்களோடு இருந்த கம்பி கட்டும் பெரியவர், "அந்தப் பக்கமும் எண்ணு தம்பி" என்றார். தம்பிக்குப் புரியவில்லை. ஒரு முனையில் எல்லாக் கம்பியும் வரிசையாக நிற்கும்படி தட்டிக் கட்டியிருப்பார்கள். நடுவில் பத்தடி குட்டையான கம்பிகள் சில இருந்தால் இந்த முனையில் அது தெரியவே தெரியாது. மறுமுனையில் குழி விழுந்திருக்கும். அதனால் இரண்டு முனையிலும் ஒரே எண் வரவேண்டும். வந்தது. டேப் வைத்து ஏழெட்டுக் கம்பியை அளந்தோம். எல்லாம் 12 மீட்டர், ஒன்றிரண்டு இரண்டு சென்டிமீட்டர் கூடவே இருந்தது.

அப்படியானால் எண்ணிக்கையும் சரி, நீளமும் சரி, எடை மட்டும் குறைவு. மிச்சம் இருப்பது ஒன்றுதான். கம்பியே மெலிசு.

ஒரு மீட்டர் துண்டு

தம்பி வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்தான். 14-க்குப் பக்கத்தில் காட்டியது. "அண்ணே, இது 13-ஐ விடத் தடிமனாத்தானே இருக்கு?" காலிப்பர் பிடித்தது கம்பியின் மேல் ஓடும் வரிகளை. வரியில் பிடித்தால் கூடும், வரிக்கு நடுவே உள்ள உடம்பில் பிடித்தால் குறையும். இரண்டுமே கம்பியின் விட்டம் ஆகாது. வரியுள்ள கம்பிக்கு விட்டம் என்பது எடையிலிருந்து வரும் எண். அதே எடையுள்ள வழவழப்பான உருண்டைக் கம்பி எவ்வளவு தடிமன் இருக்குமோ அதுதான். எனவே அதைத் தராசில்தான் அளக்கமுடியும்.

மூன்று கட்டிலிருந்தும் ஒவ்வொரு கம்பியை எடுத்து, அதிலிருந்து ஒரு மீட்டர் துண்டு வெட்டினோம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். நீளத்தை மில்லிமீட்டர் வரை பார்ப்பது முக்கியம். ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் எடை 0.1 சதவீதம் பிசகும். இது பொறுக்கலாம், ஆனால் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் ஒரு சதவீதம், சோதனையே வீண். ஐந்து கிலோ வரை தாங்கும், கிராம் காட்டும் தராசு ஒன்று எங்களிடம் உண்டு. 13 மி.மீ. துண்டுகள் 1,004, 1,007, 1,003 கிராம் வந்தன. சராசரியாக 1.005 கிலோ என்று வைத்துக்கொண்டோம். அட்டவணைப்படி 1.042 இருக்கவேண்டும். 3.5 சதவீதம் குறைவு. 20 மி.மீ. துண்டுகள் 2.430 கிலோ வந்தன, இருக்கவேண்டியது 2.466. அதில் 1.5 சதவீதம் குறைவு.

இப்போது திருப்பிக் கூட்டிப் பார்த்தோம். 480 கம்பியை 12 மீட்டரால் பெருக்கி 1.005-ஆல் பெருக்கினால் 5,789 கிலோ. 136 கம்பிக்கு அதேபோல் 3,966 கிலோ. மொத்தம் 9,755. எடைமேடை சொன்னது 9,760. ஐந்து கிலோ வித்தியாசம் அந்த மேடையின் ஒரு படிக்குள்ளேயே அடங்கிவிடும். 266 கிலோ எங்கே போனது என்பது தெரிந்துவிட்டது. யாரும் எடுக்கவில்லை, ஆலையிலேயே உருட்டப்படாத இரும்பு அது.

இது தப்பா?

பாஸ் லோடையே திருப்பி அனுப்பச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன், காரணம் இது. இங்கே கம்பிக்கான தரம் SS 560. பிரிட்டிஷ் BS 4449-ஐ ஒட்டி எழுதியது. 8 மி.மீ.-க்கு மேலான கம்பிக்கு மீட்டர் எடை 4.5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது BS 4449-இன் கணக்கு. 13 மி.மீ.-க்கு அதன்படி 0.995 கிலோ வரை இறங்கலாம். எங்களுடையது 1.005. கோட்டுக்குள்தான் இருக்கிறது.

மெலிசான கம்பி வலிமை குறைந்ததில்லையா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்க்கும்போது, வந்த விசையை நிஜமான பரப்பால் வகுப்பதில்லை, 13 மி.மீ.-க்கு உரிய பெயரளவுப் பரப்பாலேயே வகுக்கிறார்கள். மெலிசாக உருட்டிய கம்பி அந்தக் கணக்கில் 500-ஐத் தொட்டிருந்தால், பொறியாளர் எதிர்பார்த்த விசையை அது தாங்கும் என்றுதான் பொருள். ஆலைச் சான்றிதழில் அந்த 500 தரத்தைச் சொல்லும் B500B என்று இருந்தது, சான்றிதழின் வார்ப்பு எண்ணும் கட்டில் தொங்கிய பட்டையின் எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அதனால் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒன்று என்னை உறுத்தியது. ஜப்பான் அளவில் D13 என்று ஒரு கம்பி உண்டு. பெயரில் 13 இருந்தாலும் அதன் கணக்கு விட்டம் 12.7 மி.மீ., மீட்டருக்கு 0.995 கிலோ. எங்கள் கோட்டின் அடிவிளிம்பும் அதே 0.995. அப்படிப்பட்ட கம்பி இங்கே 13 என்ற பெயரில் வந்தால், எல்லாத் துண்டும் விளிம்பிலேயே நிற்கும், பாதிக்குப் பாதி கீழே விழும். எங்கள் துண்டுகள் 1.003-க்குக் கீழே போகவில்லை, சான்றிதழும் சரியாக இருந்ததால் அதை விட்டுவிட்டேன். உங்கள் துண்டுகள் 0.99, 1.00 என்று வந்துகொண்டிருந்தால் விடாதீர்கள்.

யார் பணம்?

கம்பிக்குக் குறையில்லை, பில்லுக்கு உண்டு. நாங்கள் பேச்சுவழக்கில் இரண்டு எடை என்போம். எண்ணிக்கையை அட்டவணையால் பெருக்கி வருவது கணக்கு எடை. தராசில் வருவது மேடை எடை. சப்ளையர் 10,026 கிலோவுக்குப் பில் போட்டார், அது கணக்கு எடை. நாங்கள் வாங்கியது 9,760. கணக்குக்கு வசதியாக டன் 1,000 வெள்ளி என்று வைத்தால் 266 வெள்ளி வித்தியாசம். ஒரு லோடுக்கு அது பெரிய தொகையில்லை, முப்பது லோடு வரும் வேலையில் அது யாரோ ஒருவரின் சம்பளம்.

எங்கள் ஆர்டரில் "13 மி.மீ. 6 டன், 20 மி.மீ. 4 டன்" என்று மட்டும் இருந்தது. எந்த டன் என்று இல்லை. சப்ளையரின் விலைப்பட்டியலில் சின்ன எழுத்தில் கணக்கு எடை என்று இருந்தது. வாதாட வழியில்லை, கட்டினோம். பாஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதில் கணக்கு எடையே மோசம் என்று சொல்லமாட்டேன். மேடை எடைக்கு வாங்கினால் ஆபத்து மறுபக்கம் வரும். கம்பி எடையில் 3 சதவீதம் கூடும்படி தடிமனாக உருட்டியிருந்தால் தேவையில்லாத இரும்புக்குப் பணம் கட்டுவோம். 6 டன் என்று சொன்னதற்கு 466 கம்பிதான் வரும், கடைசியில் கம்பி பற்றாது. சுவரில் போவது கம்பிதான், டன் இல்லை. என்னைக் கேட்டால் கணக்கு எடையில் வாங்கி, கம்பியை எண்ணி, துண்டு வெட்டி எடை பார்ப்பதே மேல். மெலிசாக வருவது வழக்கமாகிவிட்டால் அடுத்த விலைபேசும்போது அந்தத் துண்டுகளை மேசையில் வைக்கலாம்.

அடுத்த ஆர்டர்

அதற்கு அடுத்த வாரம் முதல் மாடித் தளத்துக்கு ஆர்டர் போடவேண்டியிருந்தது. தம்பியை எழுதச் சொன்னேன். 13 மி.மீ.-இல் 4.7 மீட்டர் துண்டு 300 வேண்டும். அவன் 300-ஐ 4.7-ஆல் பெருக்கி 1,410 மீட்டர், மீட்டருக்கு 1.042, ஆக 1.47 டன் என்று எழுதினான். வீண் போவதற்குக் கொஞ்சம் சேர்த்து 1.5 டன். இந்தத் தடவை 13-க்கு உரிய எண்ணைத்தான் போட்டிருந்தான், பெருக்கலிலும் பிழையில்லை.

பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கம்பியில எத்தனை வெட்டுவ?" என்றார். 12 மீட்டரில் 4.7 இரண்டு தடவைதான் போகும், 2.6 மீட்டர் மிச்சம். 300 துண்டுக்கு 150 கம்பி வேண்டும். 150 கம்பி என்றால் 1.875 டன். 1.5 டன் வாங்கியிருந்தால் 120 கம்பிதான் வந்திருக்கும், 60 துண்டு குறைந்திருக்கும், கான்கிரீட் நாளன்று அலைந்திருப்போம்.

மிச்சமாகும் 150 துண்டை என்ன செய்வது? அந்தத் தளத்திலேயே தூண், சுவர் அடிகளில் 1.2 மீட்டர் நீளத்துக்கு 13 மி.மீ. கம்பிகள் நட்டுவைக்க வேண்டியிருந்தது. 2.6 மீட்டரில் அது இரண்டு வரும். முந்நூறு வரை அதிலேயே எடுத்துக்கொள்ளலாம், அதற்கென்று தனியாகக் கம்பி வாங்கவேண்டாம். தம்பி அந்த வரியை ஆர்டரிலிருந்து அடித்துவிட்டான்.

சப்ளையர் கட்டை உடைத்துத் தருவதில்லை. அவரிடம் 13 மி.மீ. கட்டு 160 கம்பி, கணக்குப்படி 2 டன். ஆகவே ஆர்டர் கடைசியில் இப்படிப் போனது: "13 மி.மீ., 12 மீட்டர், 160 கம்பி, 1 கட்டு. கணக்கு எடை 2.0 டன். பில் கணக்கு எடையில். மீட்டர் எடை தரத்தின் வரம்புக்குள் இருக்கவேண்டும், இறக்கும்போது துண்டு வெட்டிப் பார்ப்போம்."

அந்தக் கட்டு வந்தபோது துண்டு 1.031 கிலோ இருந்தது.